அறையைக் காலி செய்த கடிதம்

பழைய ஃபைல்களை ஒழித்துக்கட்டச் சொல்லி வீட்டம்மா உத்தரவு போட்டு மூன்று மாதமாகிறது. ஒழித்த பாடில்லை. எடுக்கிற ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்துவிட்டுத்தானே போட முடிகிறது? அப்படி எடுத்ததில் ஒன்றுதான் 1986 ஏப்ரலில் என் அறை நண்பர்களுக்கு நான் எழுதிய கடிதத்தின் கார்பன் நகல். வங்கியில் வேலை பார்த்தவனுக்குக் கார்பன் வைக்காமல் எழுதக் கை வராது. அதனால்தான் அது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அப்போது மெட்ராஸ் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் மாடியில் நான்கு பேர் சேர்ந்து குடியிருந்தோம். இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு சமையலறை. வாடகை 600 ரூபாய், ஆளுக்கு 150. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, 6000 ரூபாய், ஆளுக்கு 1500. இன்றைய பிள்ளைகளுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு அந்த 1500 என்பது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

பெயர்களை எழுதப் போவதில்லை. எழுதவும் தேவையில்லை. நாங்களே ஒருவரை ஒருவர் ஊர்ப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வோம். மத்திய சர்க்கார் ஆபீஸில் இருந்தவர் தஞ்சாவூர். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் கடலூர். கிண்டியில் ஒரு தனியார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தவர் ஆற்காடு. நான் தென்காசி. கீழே குடியிருந்த வீட்டுக்கார மாமிகூட, "தென்காசித் தம்பி, உங்களுக்கு லெட்டர் வந்திருக்கு" என்றுதான் மாடிப்படியில் நின்று குரல் கொடுப்பார்.

1986 ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆபீசர் பதவி உயர்வு, தேனி கிளை, மே 5 திங்கட்கிழமை சேர வேண்டும். திங்கட்கிழமை தமிழ் வருடப் பிறப்பு, விடுமுறை. அன்று காலை பாயசம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதினேன்.

"ஒரே கூடத்தில் படுத்திருக்கிறவர்களுக்கு எதுக்குய்யா லெட்டர்? வாயால் சொன்னால் போதாதா?" என்று கடலூர் கேட்டார். போதாது என்பது எங்கள் எதிர் வீட்டு மாடியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கேயும் எங்களைப் போல நாலைந்து பேர் இருந்தார்கள். ஆள் மாறி ஆள் மாறி, முதலில் அட்வான்ஸ் கொடுத்த ஒருவரும் அந்த வீட்டில் இல்லை என்கிற நிலை வந்துவிட்டது. ஆனால் ரசீது மட்டும் எப்போதோ டெல்லிக்குப் போய்விட்ட ஒருவர் பேரில் இருந்தது. வீட்டுக்காரர் வீட்டை விற்றபோது, "ரசீதில் யார் பேர் இருக்கிறதோ அவரை வரச் சொல்லுங்கள், பணம் தருகிறேன்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. உள்ளே இருந்தவர்கள் டெல்லிக்குக் கடிதம் எழுதி, பதில் வந்து, அதிகாரப் பத்திரம் வாங்கி, பணம் கைக்கு வர ஆறேழு மாதம் ஆயிற்று. அதற்குள் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதில் சண்டை வந்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் முகம் பார்க்காமல் பிரிந்தார்கள்.

எங்கள் வீட்டில் ரசீது என் பேரில் இருந்தது. போகிறவனும் நான்தான். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடிதத்தின் முதல் பத்தி தேதிகளைப் பற்றியது. அப்படியே தருகிறேன்.

"தஞ்சாவூர், கடலூர், ஆற்காடு மூவருக்கும். மே 3 சனிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன். என் பெட்டி, படுக்கை, கட்டில் அன்று மாலையே போய்விடும். ஆனால் மே 31 வரை என் பங்கு வாடகையை நான் தருகிறேன். 150 ரூபாயை 1ஆம் தேதியே தஞ்சாவூரிடம் கொடுத்துவிடுவேன். அதற்குள் புது ஆள் வந்துவிட்டால், வந்த நாளிலிருந்து நாளுக்கு ஐந்து ரூபாய் கணக்கில் அவர் எனக்குத் தரட்டும். ஆள் வராவிட்டால் எனக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை. ஜூன் 1 முதல் நான் கணக்கில் இல்லை."

இதில் இரண்டு தேதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஆள் போகிற தேதி வேறு, பொறுப்பு முடிகிற தேதி வேறு. பல வீடுகளில் மனஸ்தாபம் வருவது இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான். போகிறவர், "நான்தான் மூன்றாம் தேதியே போய்விட்டேனே" என்பார். இருக்கிறவர்களுக்கோ அந்த மாத வாடகை திடீரென்று ஆளுக்கு 50 ரூபாய் கூடிவிடும். இடம் காலியானால் அதற்கு ஆள் பிடிக்க ஒரு மாதம் தேவை. அந்த ஒரு மாதத்தைப் போகிறவர் தாங்குவதுதான் முறை.

அடுத்தது பொதுச் சாமான்கள். நான்கு ஆண்கள் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தினால் எவ்வளவு சேரும் என்பது பட்டியல் போடும்போதுதான் தெரிந்தது. நான் அவற்றை மூன்று வகையாகப் பிரித்தேன்.

முதல் வகை, பிரிக்கக் கூடாதவை. குக்கர், தோசைக்கல், அம்மி, அரிவாள்மணை, தண்ணீர்க் குடங்கள், வாளிகள். இவையெல்லாம் எல்லோரும் காசு போட்டு வாங்கியவைதான். ஆனால் பழைய குக்கரில் என் கால் பங்கு என்ன விலை என்று கணக்குப் போட உட்கார்ந்தால் அது அசிங்கம். "இவை வீட்டோடு இருக்கட்டும். வருகிறவரிடமும் இதற்காகக் காசு கேட்க வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன்.

இரண்டாவது வகை, விட்டுவிட்டுப் போக முடியாதவை. அது கேஸ். அந்தக் காலத்தில் கேஸ் இணைப்புக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டு இணைப்பு என் பேரில் வந்தது. ஊர் மாறும்போது சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்து, டெபாசிட்டை வாங்கிக்கொண்டு, வவுச்சர் எழுதி வாங்க வேண்டும். அந்த வவுச்சரைக் காட்டினால்தான் போகிற ஊரில் மறுபடி இணைப்பு கிடைக்கும். அதை விட்டுவிட்டுப் போனால் தேனியில் நான் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எனக்கு அந்த ஆவணியில் கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது.

ஆக, கேஸ் என்னோடு போகிறது. ஆனால் இரண்டு பர்னர் அடுப்பு நாங்கள் நால்வரும் சேர்ந்து வாங்கியது. இணைப்பு இல்லாமல் அந்த அடுப்பு அவர்களுக்கு எதற்கு? அதனால் அடுப்பின் அன்றைய விலை 240 என்று வைத்து, அதை நான் எடுத்துக்கொண்டு மூவருக்கும் தலைக்கு 60 ரூபாய், மொத்தம் 180 தருவதாக எழுதினேன். அந்தப் பணத்தில் நல்ல மண்ணெண்ணெய் திரி ஸ்டவ் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். "கேஸ் ஏப்ரல் 30 வரைதான் எரியும். அதற்குள் ஸ்டவ்வும் மண்ணெண்ணெய்க்கு ஒரு கேனும் வாங்கிவிடுங்கள்" என்று சேர்த்திருக்கிறேன். கூட்டு வீட்டில் ஒரு பொருள் யார் பேரில் இருக்கிறதோ, அவர் போகும்போது அதுவும் போய்விடும். அதைக் கடைசி நாளில் சொல்வதற்கும் மூன்று வாரம் முன்பு சொல்வதற்கும் மூன்று பேருடைய காலைச் சாப்பாடு வித்தியாசம்.

மூன்றாவது வகை, விலையுள்ளவை, யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்கிற மாதிரியானவை. எங்களிடம் அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கறுப்பு வெள்ளை டி.வி. 1984இல் ஆளுக்கு 400 போட்டு 1600க்குப் பழையதாக வாங்கினோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்கக் கீழ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் மேலே வந்துவிடுவார்கள்.

பழைய டி.வி.க்கு என்ன விலை? போகிறவர் கூட்டித்தான் சொல்வார். இருக்கிறவர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். இதற்கு எங்கள் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது ஒரு வழி சொல்வார்கள். ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும். அதைத்தான் இங்கே வைத்துக்கொண்டேன். "டி.வி.யின் இன்றைய விலை 1200 என்று நான் சொல்கிறேன். என் பங்கு 300. நீங்கள் மூவரும் தலைக்கு 100 எனக்குக் கொடுத்து டி.வி.யை வைத்துக்கொள்ளலாம். அந்த விலை அதிகம் என்று தோன்றினால், அதே விலைக்கு நான் எடுத்துக்கொண்டு உங்களுக்குத் தலைக்கு 300 தருகிறேன். எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்."

இப்படி எழுதிவிட்டால் விலை சொல்கிறவர் நியாயமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூட்டிச் சொன்னால் அந்த விலைக்கு அவரே வாங்க நேரும். குறைத்துச் சொன்னால் குறைந்த விலைக்கு விட நேரும். தஞ்சாவூர் இதைப் படித்துவிட்டு, "பேங்க்காரன் புத்தியைக் காட்டிட்டான்யா" என்றார். டி.வி.யை வைத்துக்கொண்டார்கள்.

இனி அட்வான்ஸ். கடிதத்தில் நீளமான பத்தி இதுதான். எழுதச் சிரமப்பட்டதும் இதுதான்.

நால்வரில் ஒருவர் போகும்போது வீட்டுக்காரர் அட்வான்ஸைப் பிரித்துக் கொடுக்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை வீடு காலியாகவில்லை. ஆகவே போகிறவருடைய பணம் வருகிறவரிடமிருந்துதான் வர வேண்டும். ஆனால் முழு 1500ஐயும் வாங்கிக்கொண்டு போவது சரியல்ல. வீட்டை எல்லோரும் காலி செய்கிற அன்று வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார் என்பது பேச்சு. மெட்ராஸில் அது வழக்கமும்கூட. 6000 கொடுத்தவர்களுக்குத் திரும்பி வரப் போவது 5400தான். அதாவது ஒரு பங்கின் உண்மையான மதிப்பு 1350. நான் 1500 வாங்கிக்கொண்டு போனால், நான் இருந்த மூன்று வருஷத்தின் அழுக்குக்கும் புதிதாக வருகிறவர் காசு கொடுத்ததாக ஆகும். எனவே "வருகிறவர் எனக்கு 1350 தந்தால் போதும், அவர் பங்கு 1500 என்றே இருக்கும்" என்று எழுதினேன். எனக்கு முன்னால் எங்கள் அறையிலிருந்து ஒருவர் போனபோதும் இதே கணக்குத்தான். அவர் இடத்துக்கு வந்தவர்தான் ஆற்காடு.

இங்கேதான் சிக்கல்.

1985இல் ஆற்காடு வந்தபோது அவரிடம் 600 ரூபாய்தான் இருந்தது. மீதி 750ஐ நான் போட்டேன். மாதாமாதம் தருகிறேன் என்றார். இரண்டு மாதம் கழித்து அவருடைய கம்பெனியில் கதவடைப்பு. அதன் பிறகு கிடைத்த வேலையைச் செய்துகொண்டு, வாடகையையும் சாப்பாட்டுப் பங்கையும் எப்படியோ கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் தங்கைகள் இரண்டு பேர். அந்த 750ஐப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. மற்ற இருவருக்கும் இந்த விஷயம் தெரியாது.

இப்போது நான் போகிறேன். 750 சிறிய தொகையில்லை. கல்யாணச் செலவு முன்னால் நிற்கிறது. கடிதத்தில் எப்படி எழுதுவது? "ஆற்காட்டின் பங்கில் 750 என்னுடையது" என்று எழுதினால் கணக்கு சரியாக இருக்கும். ஆனால் வேலையில்லாத மனிதர் மற்ற இரண்டு பேருக்கும் முன்னால் தலைகுனிந்து நிற்பார். எழுதாமல் விட்டால், என்றைக்கோ வீட்டைக் காலி செய்யும்போது எனக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்றாகிவிடும்.

பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே நடந்தேன். அயோத்தியா மண்டபம் வரை போய்த் திரும்பி வருவதற்குள் விடை கிடைத்தது. அது நான் தினமும் வங்கியில் செய்கிற வேலைதான். ஒரு கூட்டுக் கடைக்குக் கணக்கு என்று ஒன்று இருக்கும். கூட்டாளிகளுக்குத் தனித்தனியாகக் கணக்கு இருக்கும். ஒரு கூட்டாளி இன்னொருவரிடம் கடன் வாங்கித் தன் முதலைப் போட்டால், கடையின் புத்தகத்தில் அது அவருடைய முதல்தான். கடன் அவர்கள் இருவருக்குள்ளே. ஆற்காடு வாங்கியது என்னிடம். வீட்டிடம் அல்ல.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதினேன். "வீட்டுக்காரரிடம் இருக்கும் 6000இல் தஞ்சாவூர் 1500, கடலூர் 1500, ஆற்காடு 1500, புதிதாக வருகிறவர் 1500. வீடு காலியாகும் அன்று கையில் வருவதை நான்கால் வகுத்து நால்வரும் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு இனி இதில் பங்கு கிடையாது. நம்மில் யாருக்குள்ளும் கைமாற்று இருந்தால் அது அவரவர் விஷயம், வீட்டுக் கணக்கில் வராது."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யார் பேரும் கெடவில்லை. கடனும் அழிந்துவிடவில்லை. ஆற்காட்டிடம் தனியாக எதுவும் எழுதிக் கேட்கவில்லை. அந்தக் கடைசி வரி அவருக்குப் புரியும் என்று விட்டுவிட்டேன்.

ரசீது மாற்றுவதைக் கடிதத்தோடு நிறுத்தவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரை அழைத்துக்கொண்டு கீழே போனேன். வீட்டுக்காரர் பழைய ரசீதை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் புது ரசீது எழுதினார். "இதற்கு முன் குடியிருந்தவர் கொடுத்த 6000 ரூபாயே தொடர்ந்து தங்கள் பேரில் என்னிடம் இருக்கிறது" என்று அதில் இருக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால், பணம் கைமாறாமல் ரசீது எப்படி வந்தது என்று நாளைக்கு அவர் பிள்ளைகள் கேட்கலாம். புது ரசீதின் பின்பக்கத்தில் தஞ்சாவூர் தன் கையால் நான்கு பேரின் பங்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமி எங்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, "அடுத்து வர்ற தம்பி எந்த ஊரு?" என்று கேட்டார்.

சில்லறைக் கணக்குகளைக் கடிதம் எழுதும்போது தீர்க்க முடியாது. கரண்டும் மளிகையும் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? அதனால் கடைசியில் கால் பக்கம் காலியாக விட்டிருந்தேன். மே 2ஆம் தேதி இரவு நால்வரும் உட்கார்ந்து அதை நிரப்பினோம். எங்கள் மாடிக்குத் தனியாக ஒரு சப்-மீட்டர். கடைசியாகப் பணம் கட்டியதிலிருந்து 96 யூனிட் ஓடியிருந்தது. வீட்டுக்காரர் கணக்கில் யூனிட்டுக்கு 75 காசு, ஆக 72 ரூபாய், என் பங்கு 18. மளிகைக் கடைப் பற்றில் என் பங்கு 64. அடுப்புக்காக நான் தர வேண்டியது 180. மொத்தம் 262. டி.வி.க்காக அவர்கள் எனக்குத் தர வேண்டியது 300. கழித்தால் எனக்கு வர வேண்டியது 38 ரூபாய்.

இவ்வளவு கணக்குக்கும் கடைசியில் கைமாற வேண்டியது 38தான். அப்படியானால் எதற்கு இத்தனை எழுத்து என்று கேட்கலாம். எழுதியதால்தான் 38 என்று தெரிந்தது. எழுதாமல் இருந்திருந்தால் நான் தேனியில் உட்கார்ந்துகொண்டு "டி.வி.யை வைத்துக்கொண்டார்களே" என்று நினைத்திருப்பேன். அவர்கள் ஸ்டவ்வின் திரியை ஏற்றியபடி "அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டானே" என்று நினைத்திருப்பார்கள். அந்த 38ஐ வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலிலேயே போட்டுவிட்டேன்.

கடிதத்தின் கடைசிப் பத்தி விடைபெறுகிற பத்தி. இன்று படிக்கும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் தருகிறேன்.

"சாவி மூன்றில் என்னுடையதைப் புது ஆளிடம் கொடுக்கவும். எனக்கு வரும் கடிதங்களை மேலே சொன்ன தேனி கிளை முகவரிக்குத் திருப்பி அனுப்பவும். மாமி போடுகிற கோலத்தை மிதிக்காமல் சைக்கிளை எடுக்க வேண்டும் என்று வருகிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடவும். 83ஆம் வருஷத் தண்ணீர்ப் பஞ்சத்தில் எனக்கும் சேர்த்து விடிகாலை நான்கு மணிக்கு லாரித் தண்ணீருக்கு நின்றவர் கடலூர். மஞ்சள் காமாலையில் நான் கிடந்தபோது கீழாநெல்லி தேடித் தாம்பரம் வரை போனவர் தஞ்சாவூர். ஆற்காட்டின் ரசம் இல்லாமல் தேனியில் எப்படிச் சாப்பிடப் போகிறேன் என்று தெரியவில்லை. இவற்றை எந்தப் பக்கத்தில் எழுதிக் கழிப்பது? இது பாக்கியாகவே இருக்கட்டும். ஆவணியில் கல்யாணம். மூவரும் இரண்டு நாள் முன்னதாகவே வர வேண்டும்."

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் பேத்தி இப்போது இரண்டு தோழிகளோடு ஃபிளாட்டில் இருக்கிறாள். அவளிடம் இந்த நகலைக் காட்டினேன். "தாத்தா, இதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே முடிச்சிடுவோம்" என்றாள். அதுவும் சரிதான். செய்தியாக இருந்தாலும் அதுவும் எழுத்துத்தான். ஆனால் விசாரித்தபோது, வாடகை ஒப்பந்தத்தில் ஒரு தோழியின் பேர் மட்டும்தான் இருக்கிறது, டெபாசிட்டில் இவள் பங்கு போன ஆதாரம் அந்தத் தோழிக்கு அனுப்பிய பணம் மட்டும்தான் என்று தெரிந்தது. "எதற்காக அனுப்பியது என்று அதில் எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லையாம். வெறும் தொகைதான். நாளைக்கு அது வாடகையா, டெபாசிட்டா, கைமாற்றா என்று எதை வைத்துச் சொல்வது? அன்றே மூவருமாக ஒரு செய்தி எழுதி, மூவரும் சரி என்று பதில் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். செய்துவிட்டாள்.

நம் தமிழ்நாட்டில் 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத பட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக மீதியைத் தந்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவே உள்ள விவகாரம். உள்ளே இருக்கிற நான்கு பேருக்குள் யார் பங்கு எவ்வளவு என்பதை அவர்களேதான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே 16ஆம் தேதி புது ஆள் வந்துவிட்டார். அரக்கோணம். அரை மாத வாடகை 75ஐயும் பங்குப் பணம் 1350ஐயும் சேர்த்து எனக்கு டிராஃப்டாக அனுப்பினார். 1989இல் வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் என்று வீட்டை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளையடிக்க 600 பிடித்துக்கொண்டு, மீதி 5400ஐ ரசீதைப் பார்த்து அன்றே தஞ்சாவூர் கையில் கொடுத்தாராம். ஆளுக்கு 1350. ஒரு பேச்சும் வரவில்லை என்று கடலூர் எழுதியிருந்தார்.

ஆற்காடு என் கடிதத்தைப் படித்த அன்று ஒன்றும் சொல்லவில்லை. மே 3ஆம் தேதி எழும்பூர் ஸ்டேஷனுக்கு என் படுக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்தான். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கடைசி வரி எனக்குத்தானே?" என்று கேட்டார். "வீட்டுக் கணக்கில் அது இல்லை" என்றேன். தலையை ஆட்டினார்.

அக்டோபரில் தேனிக் கிளைக்கு 50 ரூபாய் மணியார்டர் வந்தது. அம்பத்தூரில் வேலை கிடைத்துவிட்டதாக அடிக்கூப்பனில் இரண்டு வரி. அதன் பிறகு சில மாதம் வரும், சில மாதம் வராது. கூப்பனில் செய்தி எழுதுகிற இடத்தில் 'இத்துடன் நான்கு', 'இத்துடன் ஏழு' என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். 1988 பொங்கல் கழிந்து வந்த கூப்பனும் இந்த நகலோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறது. அதில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "இத்துடன் பதினைந்து. டி.வி. இன்னும் ஓடுகிறது. தங்கை கல்யாணம் பங்குனியில். இரண்டு நாள் முன்னதாகவே வர வேண்டும்."

போனோம். மூன்று நாள் முன்னதாகவே.